மாதாந்திரத் திட்ட அறிக்கை: உப்பளத் தொழிலாளர் நலத் திட்டம், வேதாரண்யம் வட்டாரம், ஆகஸ்ட் 2025

பெறுநர்: அறங்காவலர் குழு
தொகுத்தவர்: பதிவேட்டுப் பொறுப்பாளர், கள அலுவலகம்
நாள்: 5.9.2025

இம்மாதம் நமது திட்டத்தால் பயன்பெற்றவர்கள் 286 பேர். ஜூலை மாத அறிக்கையில் 331 பேர் என்று குறிப்பிட்டிருந்ததால், பணி குறைந்துவிட்டதோ என்ற ஐயம் குழுவினருக்கு எழக்கூடும். பணி குறையவில்லை, ஜூலையில் நாம் தந்த எண்ணே தவறானது. அந்த அறிக்கையில் கண் பரிசோதனைப் பதிவேடு, முதியோரை வீட்டுக்குச் சென்று பார்க்கும் பதிவேடு, மனு உதவிப் பதிவேடு ஆகிய மூன்றின் மொத்தங்களையும் அப்படியே கூட்டியிருந்தோம். ஒரே நபர் இரண்டு பதிவேடுகளில் இருந்ததால் 33 பேரும், ஒரே நபருக்கு இரண்டு பயனாளி எண்கள் இருந்ததால் 19 பேரும் மிகையாகச் சேர்ந்துவிட்டனர். இம்மாதம் பின்பற்றிய முறையிலேயே ஜூலையையும் மீண்டும் கணக்கிட்டபோது 279 பேர் என்று வந்தது. ஜூலை அறிக்கையின் எண்ணை இதன்படி திருத்திக்கொள்ளுமாறும், அந்த அறிக்கையைப் பெற்ற நன்கொடையாளர்களுக்கும் திருத்தத்தைத் தெரிவிக்க அனுமதிக்குமாறும் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

படிவங்கள் வந்த விதம்

நான்கு ஊர்களிலிருந்தும் செப்டம்பர் 2ஆம் தேதிக்குள் 412 சேவைப் படிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 படிவங்களில் பயனாளி எண்ணோ சேவை நாளோ இல்லாததால் உரிய தன்னார்வலர்களிடமே திருப்பி அனுப்பினோம். 6 படிவங்கள் திருத்தப்பட்டு வந்தன. மீதமுள்ள 3 படிவங்களுக்கு உரியவர் யார் என்பதை உறுதிசெய்ய முடியாததால், அவை கணக்கில் சேர்க்கப்படாமல் தனி உறையில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே இவ்வறிக்கையின் எல்லா எண்ணிக்கைகளும் 409 சேவைகளை அடிப்படையாகக் கொண்டவை.

| ஊர் | வந்த படிவங்கள் | பயனாளிகள் | பணியாற்றிய தன்னார்வலர்கள் |
|---|---|---|---|
| அகஸ்தியன்பள்ளி | 142 | 101 | 11 |
| கடினல்வயல் | 108 | 74 | 8 |
| கோடியக்காடு | 97 | 68 | 7 |
| கோடியக்கரை | 65 | 43 | 3 |
| மொத்தம் | 412 | 286 | 29 |

பயனாளிகளில் பெண்கள் 188 பேர், ஆண்கள் 98 பேர். இம்மாதம் புதிதாகப் பதிவானவர்கள் 41 பேர். ஏனைய 245 பேர் முன்பே பதிவேட்டில் இருந்தவர்கள்.

உப்பள வரப்பில் நின்றபடி நிரப்பப்படும் படிவங்களின் நிலையைக் குழு நேரில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, கடினல்வயலிலிருந்து வந்த படிவம் ஒன்றை இவ்வறிக்கையுடன் அனுப்பும் கோப்பில், பெயரை மறைத்து, வைத்துள்ளேன். ஈரக் கை பட்ட இடத்தில் மை பரவி, வயது 46 என்பதா 40 என்பதா என்று தெரியாமல் போயிருக்கிறது. தாளின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விடியற்காலையில் வேலைக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டிய ஒருவரை நிறுத்திவைத்து 22 கேள்விகளைக் கேட்பது முறையன்று என்று தன்னார்வலர்கள் தொடர்ந்து கூறிவருகிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

ஒரே நபர், பல எண்கள்

இம்மாதம் தொகுப்புக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலைக்கே சென்றது. கூகுள் ஷீட்டில் பயனாளி எண் உள்ள நிரலில் கீழ்க்கண்ட சூத்திரத்தை இட்டபோது முதலில் 304 என்று காட்டியது. எண் இல்லாத 3 வரிசைகளை அது கணக்கில் எடுப்பதில்லை.

```
=COUNTUNIQUE(C2:C413)
```

ஒரே எண் இருமுறை வந்தால் கணினி கண்டுபிடித்துவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே ஊர்வாரியாகப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, தெரு, குடும்பத்தார் பெயர், வயது ஆகியவற்றை ஒப்பிட்டு, ஐயம் எழுந்த ஒவ்வொரு பெயரையும் அந்தந்த ஊர்த் தன்னார்வலரிடம் கேட்டு உறுதிசெய்தோம். 18 எண்கள் மிகையானவை என்று தெரியவந்தது. அவற்றுள் 11 எண்கள் தலைப்பெழுத்து மாறியதால் வந்தவை. 5 எண்கள் எழுத்து வேறுபாட்டால் வந்தவை. 2 எண்களுக்குக் காரணம் வயது மாற்றி எழுதப்பட்டது. அவற்றை முதல் எண்ணோடு இணைத்த பிறகு அதே சூத்திரம் 286 என்று காட்டியது.

தலைப்பெழுத்துச் சிக்கல் எப்படி நேர்கிறது என்பதற்கு ஒரு சான்று. அகஸ்தியன்பள்ளியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாம் எடுத்த நிவாரணப் பட்டியலில் தந்தையின் தலைப்பெழுத்தோடு பதிவாகியிருந்தார். பின்னர் விதவை ஓய்வூதிய மனுவுக்கு உதவியபோது கணவரின் தலைப்பெழுத்தோடு இரண்டாவது எண் பெற்றார். இம்மாதக் கண் பரிசோதனை முகாமில், ஊரார் அழைக்கும் பெயரிலேயே மூன்றாவது எண்ணும் தரப்பட்டுவிட்டது. மூன்று படிவங்களிலும் வயது முறையே 48, 50, 45 என்று இருந்தது. தன்னார்வலர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்த பிறகே மூவரும் ஒருவர் என்று உறுதியானது. “மூணு தடவ எழுதினீங்களே, மூணு கண்ணாடியா குடுக்கப் போறீங்க?” என்று அவர் கேட்டதைத் தன்னார்வலர் படிவத்தின் பின்புறத்தில் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கண்ணாடியும் இன்னும் கிடைக்கவில்லை; கண்ணாடிக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவர் இருக்கிறார்.

புயலில் ஆவணங்களை இழந்தவர்கள் பலர். வீடுகள் வேறிடத்தில் கட்டப்பட்டதால் பழைய கதவு எண்களும் இன்று பொருந்துவதில்லை. எனவே முகவரியை நம்பி ஒப்பிடுவது இவ்வட்டாரத்தில் பயன் தராது. இனிப் படிவத்தில் தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டையும் முழுமையாக எழுதுவதற்குத் தனித்தனி இடம் ஒதுக்குவதே தீர்வு என்று கருதுகிறேன்.

சேவைகள்

கண் பரிசோதனை 163 பேருக்கு நடந்தது. 52 பேருக்குக் கண்ணாடி தேவை என்று கண்டறியப்பட்டு, மாத இறுதிக்குள் 37 பேருக்கு வழங்கப்பட்டது. 15 பேர் காத்திருக்கிறார்கள். கண்புரை இருப்பதாக ஐயுற்று 11 பேர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 6 பேரே சென்றனர். செல்லாத 5 பேரையும் தன்னார்வலர்கள் மீண்டும் சந்தித்துக் கேட்டபோது, நால்வர் ஒரு நாள் கூலியை இழக்க முடியாது என்றும், ஒருவர் துணைக்கு ஆள் இல்லை என்றும் தெரிவித்தனர். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை இலவசம் என்பதை அனைவரும் அறிந்தே இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது சிகிச்சைச் செலவு அன்று, அந்த நாளின் கூலி. பரிந்துரைத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆகவே ‘சென்றாரா, இல்லையெனில் ஏன்’ என்ற வரியை எல்லாப் பரிந்துரைப் படிவங்களிலும் இம்மாதம் முதல் கையால் எழுதிச் சேர்த்துள்ளோம்.

முதியோரை வீட்டுக்குச் சென்று பார்த்தது 138 முறை. பார்க்கப்பட்ட முதியோர் 41 பேர். வாரம் ஒருமுறை, மாதம் நான்கு முறை என்பது நம் இலக்கு; 29 பேருக்கு அது நிறைவேறியது. 10 பேரை இருமுறையும், 2 பேரை ஒரே முறையும் பார்க்க முடிந்தது. இந்த 12 பேரில் 9 பேர் கோடியக்கரையில் இருப்பவர்கள். 138 என்ற மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குறை தெரியாது என்பதால் நபர்வாரியாகப் பிரித்துக் காட்டியுள்ளேன்.

மனு உதவி 92 பேருக்கு 108 முறை வழங்கப்பட்டது: நல வாரியப் பதிவும் புதுப்பித்தலும் 54, ஓய்வூதிய மனு 31, ஆவணத் திருத்தம் 23. முந்தைய மாதங்களில் அளிக்கப்பட்ட ஓய்வூதிய மனுக்களில் 4 பேருக்கு இம்மாதம் ஆணை கிடைத்து, மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கவுள்ளது. மனு அளித்ததையும் ஆணை கிடைத்ததையும் ஒரே நிரலில் எழுதும் வழக்கம் இதுவரை இருந்தது. இம்மாதம் அவற்றைப் பிரித்துவிட்டோம். மேற்கண்ட மூன்று சேவைகளில் இரண்டைப் பெற்றவர்கள் 10 பேர் என்பதால், 163, 41, 92 ஆகியவற்றைக் கூட்டினால் வரும் 296இலிருந்து 10ஐக் கழித்தே 286 என்ற எண் பெறப்பட்டது.

தன்னார்வலர்கள்

பதிவேட்டில் உள்ள 38 பேரில் 29 பேர் இம்மாதம் குறைந்தது ஒரு நாளாவது பணியாற்றினார்கள். வராத 9 பேரில் நால்வர் உப்பளத்தில் வேலைக்குச் செல்பவர்கள். மழை தொடங்குவதற்கு முன் இரண்டு வேளையும் வேலை இருப்பதால் வர இயலவில்லை. மூவர் கல்லூரி மாணவர்கள். இருவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர்கள் பெயரை உடனே நீக்காமல் அக்டோபர் வரை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

வருகைத் தாள்களில் மொத்தம் 674 மணி நேரம் எழுதப்பட்டிருந்தது. கடினல்வயலைச் சேர்ந்த 21 தாள்களில் பயண நேரமும் பணி நேரமாகச் சேர்க்கப்பட்டிருந்ததால், தாள் ஒன்றுக்கு 3 மணி வீதம் 63 மணி நேரத்தைக் கழித்து 611 என்று பதிவு செய்துள்ளேன். இதில் தன்னார்வலர்களின் தவறு ஏதுமில்லை. ‘நேரம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்த நம் தாளே தெளிவற்றது. கழித்ததற்கான காரணத்தை அவர்களிடம் நேரில் விளக்கி, அவர்கள் ஒப்பிய பிறகே எண் மாற்றப்பட்டது.

கோடியக்கரையில் மூவரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தனியாக 19 நாள்கள் சென்று வந்திருக்கிறார். முதியோர் பார்வை அங்கே குறைந்ததற்கு ஆள் பற்றாக்குறையே காரணம். இருப்பவர்களின் உழைப்பில் குறை காண இடமில்லை.

தகவல் பாதுகாப்பு

பழைய பயனாளிப் படிவத்தில் ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. நம் சேவை எதற்கும் அந்த எண் தேவையில்லை என்பதால், கணினியில் ஏற்றும்போது அதை விட்டுவிட்டோம். தாளிலும் கறுப்பு மையால் அழித்துள்ளோம். பெயர்ப் பட்டியல் உள்ள கோப்பைத் திறக்கும் அனுமதி இருவருக்கு மட்டுமே உண்டு. இவ்வறிக்கையில் யாருடைய பெயரும் இடம்பெறவில்லை.

குழுவின் முடிவுக்கு

கண்ணாடிக்குக் காத்திருக்கும் 15 பேருக்காக, ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் 5,250 ரூபாய் ஒதுக்க வேண்டுகிறேன். கண்புரைச் சிகிச்சைக்குச் செல்லாத ஐவருக்கு ஒரு நாள் கூலிக்கு ஈடான தொகையும், துணைக்கு ஒரு தன்னார்வலரும் தர இயலுமா என்பதைக் குழு இம்மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்தால், மழைக்காலத்தில் சாலை கெடுவதற்கு முன் அவர்களை அழைத்துச் செல்ல முடியும். 22 கேள்விகளை 9ஆகக் குறைத்த புதிய படிவத்தின் மாதிரி இணைக்கப்பட்டுள்ளது. அக்டோபரில் உப்பள வேலை நின்று, அரசின் மழைக்கால உதவித் தொகையான 5,000 ரூபாய்க்காக மனு உதவி கேட்டு மக்கள் கூடுதலாக வருவார்கள் என்பதால், புதிய படிவம் செப்டம்பர் 25ஆம் தேதிக்குள் அச்சாகி நான்கு ஊர்களுக்கும் சென்று சேர வேண்டும். உறுதி செய்யப்படாத 3 படிவங்களின் நிலையைச் செப்டம்பர் அறிக்கையில் தெரிவிக்கிறேன்.