பாய்லர் மாமா: டீக்கடை கிளாஸில் அச்சிடும் உருவத்துக்கான ப்ராம்ப்ட்

மதுரை செல்லூரில் உள்ள ஒரு சிறிய டீக்கடைக்குச் சின்னமாக ஓர் உருவம் வரையவும். பெயர் 'பாய்லர் மாமா'. டீக்கடை முகப்பில் நிற்கும் பித்தளை பாய்லருக்குக் கண், வாய், கை, கால் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இந்தப் படம் கடையின் கண்ணாடி கிளாஸ்களில் ஒரே நிறத்தில், சுமார் 4 செ.மீ. உயரத்தில் அச்சாகப் போகிறது. ஒவ்வொரு கோட்டையும் அந்த அளவை மனதில் வைத்துப் போடவும்.

முதலில் உடம்பு. நேராக நிற்கும் குண்டு உருளை, மேலே கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு, அதன் நடுவிலிருந்து மேலே போகும் ஒரு குட்டையான புகைக்குழாய், குழாயின் தலையில் தட்டையான சிறு மூடி. கரி போட்டு எரிக்கும் பழைய பாய்லரின் வடிவம் இதுதான். ரஷ்ய சமோவார் போல இடுப்பு ஒடுங்கிய வடிவமோ, பூவேலைப்பாடோ, பக்கவாட்டுக் கைப்பிடிகளோ வேண்டாம். உடம்பின் அகலமும் உயரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒல்லியான பாய்லரைப் பார்த்தால் யாருக்கும் டீ குடிக்கத் தோன்றாது. கால்கள் இரண்டு, குட்டையானவை, வெறுங்கால்.

முகம் உடம்பின் மேல் பாதியில் வரவேண்டும். மூக்கு இருக்கும் இடத்தில் பாய்லரின் குழாய்: சற்று இடப்பக்கம் திரும்பி, மேலே சின்னத் திருகுப்பிடியுடன். நிஜ பாய்லரில் குழாய் கீழேதான் இருக்கும். ஆனால் படத்தில் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கினால் பார்க்க அசிங்கமாகிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் குழாய் மூக்காக மட்டுமே இருக்க வேண்டும். அதிலிருந்து சொட்டும் விழக்கூடாது, சளி ஒழுகுவது போலத் தெரியும்.

கண்கள் இரண்டும் முழுவதும் நிரப்பிய வட்டப் புள்ளிகள். வெள்ளை விழி, கருவிழி, இமை என்று எதுவும் வேண்டாம். கண்ணாடியில் வெள்ளை என்று ஒன்று கிடையாது. மை படாத இடமெல்லாம் உள்ளே இருக்கும் டீயின் நிறத்தில்தான் தெரியும். வெள்ளை விழி வரைந்தால் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது போல ஆகிவிடும். வாய் ஒரே வளைகோடு, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக. பல் தெரிய வேண்டாம். மீசையும் வேண்டாம்: மூக்குக் குழாய்க்கும் வாய்க்கும் நடுவே இடமில்லை, வைத்தால் 4 செ.மீ. அளவில் மூன்றும் ஒட்டிக்கொண்டு கறையாகத் தெரியும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த உருவத்தின் உயிர். உடம்பை எந்த நிறத்தாலும் நிரப்பாமல் வெறும் வெளிக்கோடாக விடவும். கிளாஸில் டீ ஊற்றியதும் மாமாவின் வயிறு டீயால் நிரம்ப வேண்டும். குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, கடைசி வாயில் காலியாக வேண்டும். இதற்காகவே வயிற்றுப் பகுதியில் பட்டன், பட்டை, நிழல், பளபளப்புக் கோடு என்று எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளவும். வெளிக்கோடு எங்கும் அறுபடாமல் முழுதாக மூடியிருக்கவும் வேண்டும். மாமாவின் உடம்பில் மை படும் இடங்கள் இவ்வளவுதான்: வெளிக்கோடு, கண், வாய், மூக்குக் குழாய், புகைக்குழாயின் மூடி, தோள் துண்டின் கரை.

தோள் துண்டு கட்டாயம் வேண்டும். செல்லூர் தறி ஓடிய ஊர், இங்கே துண்டு இல்லாத தோள் நிறையாது. மாமாவுக்குத் தோள் என்று தனியாக இல்லாததால், வளைவு தொடங்கும் இடத்தில் இடப்பக்கம் துண்டு மடிந்து தொங்கட்டும். ஓரத்தில் தடித்த கரை ஒன்று போதும். கட்டம் போட்ட துண்டு அழகுதான், ஆனால் சின்ன அளவில் கட்டங்கள் அடைத்துக்கொள்ளும்.

வலது கை முன்னால் நீண்டு, பார்ப்பவரிடம் ஒரு டீ கிளாஸைக் கொடுக்கிறது. கிளாஸ் கைப்பிடி இல்லாதது, அடி சற்று ஒடுங்கி வாய் விரிந்தது. மாமா அதன் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் கடையில் அப்பா அப்படித்தான் நீட்டுவார்: சூடு அவர் விரலுக்கு, விளிம்பு வாங்குபவருக்கு. கிளாஸின் மேல் நுரையைக் காட்ட மூன்று சிறு மேடுகள், அதற்கு மேல் ஆவிக்கு ஒரே ஒரு வளைகோடு. புகைக்குழாயிலிருந்து தனியாகப் புகை வேண்டாம். இடது கை இடுப்பில். விரல்களை எண்ணும்படி வரையத் தேவையில்லை. கட்டைவிரல் ஒன்று, மற்றவை சேர்ந்த ஒரு உருண்டை, போதும்.

டீ ஆற்றும் காட்சியை வரைய ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். கை இரண்டும் இரு பக்கம் இருக்கும்போது மேலிருந்து விழும் டீ முகத்தைக் குறுக்கே வெட்டும். அதைவிட முக்கியம், இந்த மாமா வித்தை காட்டுபவர் இல்லை. விடிவதற்கு முன் வரும் பால்காரர், ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ், யாராக இருந்தாலும் "வாங்க, இந்தாங்க" என்று நீட்டுபவர். அந்த முகபாவம்தான் வேண்டும். வியாபாரச் சிரிப்பு வேண்டாம், கண்ணடிப்பும் கட்டைவிரல் தூக்கலும் வேண்டாம்.

நிஜமான பாய்லரில் விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்திருப்போம். படத்தில் எந்த மதத்தின் அடையாளமும் இருக்கக்கூடாது. கட்சிக் கரை போலத் தெரியும் இரட்டை வண்ணமும் கூடாது. தெருவில் எல்லோரும் கையில் பிடிக்கும் கிளாஸ் இது.

நிறம் ஒன்றே ஒன்று: அடர் நீலம். பழுப்பும் காவியும் டீயோடு கலந்து மறைந்துவிடும். அடர் நீலம் டீ இருந்தாலும் காலியாக இருந்தாலும் தெரியும். சாயல் மாற்றம், மங்கல், புள்ளி நிழல் எதுவும் கூடாது, இவ்வளவு சின்ன ஸ்கிரீன் பிரிண்டில் சரியாக வராது. 4 செ.மீ. அளவுக்குச் சுருக்கிய பிறகும் எந்தக் கோடும் 1 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இரு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அவ்வளவாவது இருக்க வேண்டும்.

படத்தில் எழுத்து எதுவும் வேண்டாம், கடைப் பெயரைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறோம். தேயிலை, டீ பேக், சாசர், கெண்டி, மேசை, கடைத் தட்டி போன்றவையும் வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் மாமா தனியாக, நேர் பார்வையில், தலை முதல் கால் வரை முழுதாக நிற்கட்டும். சட்டம் சதுரம். கிளாஸில் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உதடு படும் இடம் என்பதால் அங்கே மை போட மாட்டோம். ஆவிக்கோடு புகைக்குழாயின் மூடியைவிட உயரமாகப் போனால் அந்த எல்லைக்குள் நுழையும், அதைத் தாழ்வாகவே வைக்கவும்.

இதே உருவத்தின் முகத்தை மட்டும் வட்டத்துக்குள் வைத்து இரண்டாவது படம் ஒன்றும் வேண்டும். அது மண் கப்பில் ரப்பர் ஸ்டாம்பாகக் குத்துவதற்கு. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் பார்சலுக்கு மண் கப்தான் கொடுக்கிறோம். மண்ணின் பரப்பு சொரசொரப்பானது, மை பரவும். அதனால் அந்தப் படத்தில் கோடுகள் இரண்டு மடங்கு தடிமனாகவும், கண், மூக்குக் குழாய், வாய் மூன்று மட்டும் உள்ளதாகவும் இருக்கட்டும். துண்டும் கையும் ஆவியும் அதில் வேண்டாம்.