நாளை பேசுவதற்கு முன்

அண்ணா, வணக்கம். நாளைக் காலை செய்திக்காக உட்கார்ந்து பேசுவதற்கு முன் இதை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். நேரில் சொன்னால் பாதி டீக்கடைச் சத்தத்திலேயே போய்விடும்.

வேறெதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் நீங்கள் சொல்வதெல்லாம் ஆன் ரெக்கார்ட்தான். பெயர், வேலை, சொன்ன வார்த்தை எல்லாம் அப்படியே அச்சில் வரலாம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உங்கள் தெருவில் பட்ட பாட்டைப் பெயரோடு சொல்வதில் வம்பு வராது என்று நினைக்கிறேன். முடிவு உங்களுடையது.

சுத்திகரிப்பு நிலைய விஷயத்துக்கு பேக்ரவுண்ட்தான் சரி. தகவலை எழுதுவேன், பெயரை எழுத மாட்டேன். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ‘நைட் ஷிப்ட் லேப் ஊழியர்’ என்று போட்டால் உங்கள் மேனேஜர் அரை நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ‘நொய்யல் கரையில் உள்ள ஒரு சுத்திகரிப்பு நிலைய ஊழியர்’ என்று போட்டால் பரவாயில்லையா? நாளை முதல் வேலையாக இதை முடிவு செய்வோம். உங்கள் வார்த்தைகளை மேற்கோளாகப் போடலாமா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஆஃப் த ரெக்கார்ட் என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். நான் சொல்வது இது: நீங்கள் சொன்னது எந்த வடிவத்திலும் அச்சில் வராது. அதை வைத்து வேறு ஆளிடம் விசாரிப்பதென்றால்கூட உங்களைக் கேட்டுவிட்டுத்தான். அதே தகவல் இன்னொருவரிடமிருந்து தானாக வந்தால் மட்டும் எழுதுவேன். எழுதுமுன் உங்களுக்குச் சொல்லிவிடுவேன்.

இதில் எல்லாமே முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டியவை. சொல்லி முடித்துவிட்டு “தம்பி, இதைப் போட்டுடாதே” என்றால் நான் கட்டுப்பட்டவன் இல்லை. “இரு, இது வேற” என்று நிறுத்துங்கள். நான் சரி என்ற பிறகு பேசுங்கள். ரெக்கார்டரை அணைத்துவிட்டதாலேயே அது ஆஃப் த ரெக்கார்ட் ஆகாது. கிளம்பும்போது வாசலில் நின்று பேசுவதும் கணக்குத்தான். மறுபடி ஆன் ரெக்கார்டுக்கு வரும்போது நானே வாய்விட்டுச் சொல்வேன்.

இன்னொன்று, இதை மறைத்தால் நன்றாக இருக்காது. உங்கள் பெயர் எங்கள் ஆசிரியருக்குத் தெரியும், அவரோடு நிற்கும். செய்தி யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி பிரஸ் கவுன்சில் எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நீதிமன்றம் கேட்டால் அந்தச் சட்டம் காப்பாற்றாது. நான் சொல்ல மாட்டேன் என்பது என் வாக்கு, அவ்வளவுதான். வீட்டில் அண்ணியிடமும் கலந்து பேசுங்கள்.

கழிவுநீரின் டிடிஎஸ் அளவுப் பதிவேட்டுப் படத்தை இப்போது அனுப்ப வேண்டாம், அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. நாளை வரும்போது கம்பெனி போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.