ஜிம் சேர்க்கை போஸ்டருக்கான ப்ராம்ப்ட்: கடலூர் சில்வர் பீச், காலை ஆறு மணி

நிஜ போட்டோ போலவே தெரியும் ஒரு போஸ்டர் படம், நெடுக்குவாக்கில், 2:3 அளவில். இடம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. கேமரா கிழக்கே கடலைப் பார்க்கிறது; சூரியன் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. வெளிச்சம் முழுக்க ஆட்களுக்குப் பின்னால், கடல் பக்கமிருந்தே வர வேண்டும்.

முன்னால், இடமிருந்து வலமாக ஈர மணலில் பாய்ந்து ஓடும் பெண், வயது இருபத்தைந்து இருக்கும். இறுக்கிப் போட்ட ஒற்றைப் பின்னல், கறுப்பு டி-ஷர்ட், முழங்கால் வரை டைட்ஸ், வெறுங்கால். இரண்டு பாதமும் தரையில் படாத அந்த நொடி. சூரியன் அவள் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதனால் தலைமுடி, காது, தோள்பட்டை, முன்கை, கெண்டைக்கால் என்று ஓரம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. கம்பியைக் காய்ச்சி இழுத்தது போல மெல்லியதாக, அழுத்தமாக. கேமரா பார்க்கும் பக்கம் நிழல்தான், ஆனாலும் முகம் இருட்டடிக்கக் கூடாது. வெள்ளை தெர்மாகோல் பலகையைப் பிடித்துத் திருப்பினால் விழும் அளவு வெளிச்சம் போதும்.

வியர்வைக்குத்தான் இந்தப் படமே. எண்ணெய் தடவிய பளபளப்பு வேண்டாம், அது விளம்பர மாடல். நெற்றியிலும் கழுத்துக் குழியிலும் முத்து முத்தாக நிற்க வேண்டும்; சில துளி ஒன்று சேர்ந்து வழிய வேண்டும்; டி-ஷர்ட் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும். பின்னல் நுனியிலிருந்து தெறிக்கும் நாலைந்து துளிகள், எதிர்வெளிச்சம் பட்டுப் பொறி மாதிரி.

ஓட்டம் தெரிய, ஷட்டர் வேகம் 1/60, கேமரா அவளோடு சேர்ந்தே நகர்கிறது. முகமும் மார்பும் துல்லியம், பாதமும் கையும் லேசாகக் கலங்கல், பின்னால் அலை படுக்கைக் கோடுகளாக இழுபடுகிறது. 85 மிமீ லென்ஸ், முட்டி உயரத்திலிருந்து.

அவளுக்குப் பின்னால் சின்னதாக, பாதி கலங்கலாக இரண்டு பேர்: லாரி டயரைப் புரட்டும் தடித்த ஆள், வயது நாற்பது, கொஞ்சம் தொப்பையோடு (சேரப்போகிறவர்களில் பாதிப் பேர் அவர்தான்), காலை நீட்டிப் பாயும் கபடிக்காரப் பையன், மணல் சிதறுகிறது. இவர்கள் ஓரத்திலும் அதே ஆரஞ்சுக் கோடு.

தோல் நம்ம ஊர்க் கருமை, மாநிறம், வெளுக்க வேண்டாம். நிழல்களில் கருநீலம். மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் இருண்ட வானம். "மூன்று மாதம் ரூ.2,700, மகளிருக்குத் தனி நேரம்" என்ற வரியை அங்கே பிறகு நாங்களே கோர்த்துக்கொள்வோம்; படத்துக்குள் எழுத்தே வரக் கூடாது, தமிழ் எழுத்தை AI பல நேரம் கொம்பு வேறு கால் வேறாகப் பிய்த்துவிடுகிறது.

வேண்டாதவை: ஆறாவது விரல், சிக்ஸ் பேக் சிற்பம், மெழுகு முகம், கேமராவைப் பார்த்துச் சிரிப்பு, பனைமரத்துக்குப் பதில் வெளிநாட்டு ரிசார்ட் மரங்கள், கம்பெனி லோகோ, சூரியனைச் சுற்றி வண்ண வட்டங்கள்.

```
--ar 2:3
```