அப்பள வழங்கல் ஒப்பந்தம்: முடிவுத் தேதி நினைவூட்டலும் புதுப்பிப்பு முன்மொழிவும்

அனுப்புநர்:
கொள்முதல் மேலாளர்,
மளிகை மொத்த விற்பனைப் பிரிவு,
மாட்டுங்கா கிழக்கு, மும்பை 400 019

பெறுநர்:
உரிமையாளர்,
அப்பளத் தயாரிப்பு நிலையம், மதுரை

தேதி: 04.02.2026

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உளுந்து அப்பளம் வழங்குவதற்காக 01.04.2024 அன்று நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் வரும் 31.03.2026 அன்று முடிவடைகிறது. புதுப்பிக்கும் விருப்பத்தை 45 நாள்களுக்கு முன்பே, அதாவது பிப்ரவரி 14-க்குள், எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்வதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு, 31.03.2028 வரை, தங்களிடமே வாங்க விரும்புகிறோம்.

ஒன்றை மட்டும் மாற்றித் தர வேண்டுகிறோம். 4-ஆம் பிரிவின்படி மாதந்தோறும் குறைந்தது 400 கிலோ எடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் இந்த அளவைத் தள்ளுவது எங்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் சமையல் கான்ட்ராக்டர்களின் ஆர்டரும் குறைந்துவிடுகிறது. சென்ற ஜூலைச் சரக்கில் ஏறத்தாழ 90 கிலோ கிடங்கிலேயே நமத்துப்போனது. கட்டைப் பிரித்தால் அப்பளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, எண்ணெயில் போட்டால் பொரியாமல் ஓரம் மட்டும் சிவந்தது. இது தங்கள் சரக்கின் குறையன்று, இங்குள்ள ஈரக்காற்றின் வேலை என்பதை நான் நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்; அந்த நஷ்டத்தை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 250 கிலோ, அக்டோபரிலும் நவம்பரிலும் இப்போதுபோல் 400 கிலோ, டிசம்பர் முதல் மே வரை மாதம் 500 கிலோ என்று குறைந்தபட்சக் கொள்முதல் அளவைத் திருத்தலாம் என்பது எங்கள் முன்மொழிவு. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு அதே 4,800 கிலோதான் வருகிறது, ஆகையால் தங்கள் மொத்த விற்பனையில் ஒரு கிலோவும் குறையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அங்கே அப்பளம் உலர்த்துவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தே அவ்விரு மாதங்களுக்கும் அளவைக் கூட்டாமல் விட்டிருக்கிறோம். டிசம்பரிலிருந்து மாதம் 100 கிலோ கூடுதலாகத் தர ஆள்பலமும் களமும் போதுமா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். போதாதென்றால் 500 என்பதை 475 ஆக்கி, மீதியை மழைக்காலக் கணக்கில் சேர்த்துக்கொள்ள எங்களுக்குத் தடையில்லை.

உளுந்து விலையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்துவது, பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் செலுத்துவது, லாரி வாடகை எங்கள் பொறுப்பு என்பது ஆகிய மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரட்டும்.

தங்கள் பதிலைப் பிப்ரவரி 20-க்குள் எழுத்தில் தெரிவித்தால், திருத்திய ஒப்பந்தத்தின் இரு படிகளையும் கையொப்பமிட்டு மார்ச் முதல் வாரத்தில் கூரியரில் அனுப்பிவிடுவோம். பதில் தாமதமானாலும், மார்ச் மாதத்துக்குரிய 400 கிலோ ஆர்டர் வழக்கம்போல் வந்து சேரும்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்