கணக்குப் பதிவில் ஏஐ கருவி: சோதனைக்கு அனுமதி வேண்டி

பாளையங்கோட்டை

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் அரிசி ஆலை, டவுன் பாத்திரக்கடை ஆகிய இரு கணக்குகளில் மட்டும் ஏஐ பதிவுக் கருவியை மூன்று மாதம் சோதிக்க அனுமதி கோருகிறேன்.

அச்சிட்ட பில்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நெல் வியாபாரிகளின் கைச்சீட்டுகளில்தான் 1, 7 இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்; கருவி தயங்காமல் தவறாகப் படித்துவிடலாம். ஆகவே வழக்கமான பதிவும் கூடவே நடக்கட்டும். உள்ளீட்டு வரி வரவை ஜிஎஸ்டிஆர்-2பியுடன் நானே ஒப்பிடுவேன். 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய 3பி, நான் சரிபார்க்காமல் போகாது.

வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி ஒரு பில்லையும் ஏற்ற மாட்டேன். நம்மை நம்பித் தந்த தாள்கள் அவை. மிச்சமாகும் நேரத்தில் இளையவர்களுக்கு வங்கிக் கணக்கு ஒப்பீட்டைக் கற்றுத்தர விரும்புகிறேன். பிழை கூடினால் உடனே நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
முதுநிலைக் கணக்காளர்