கோர்ட் ஒதுக்கீடும் ஓய்வு இடைவெளியும்: மேசைக் குழுவுக்கு

பேட்மின்டன் போட்டி, அல்சூர் அரங்கு, ஞாயிறு, 4 கோர்ட். சாவி நம் கையில் காலை 7:30 முதல் மாலை 6 வரை.

ஆண்கள் சிங்கிள்ஸ் 16 பேர், ஆண்கள் டபுள்ஸ் 16 ஜோடி, பெண்கள் சிங்கிள்ஸ் 8 பேர், மிக்ஸ்டு 12 ஜோடி, 45 வயதுக்கு மேற்பட்டோர் டபுள்ஸ் 8 ஜோடி. எல்லாமே நாக்அவுட், மொத்தம் 55 ஆட்டம். காலிறுதி வரையான 40 ஆட்டமும் 30 பாயிண்ட் ஒரே கேம். ஆட்டத்துக்கு 20 நிமிடம் ஒதுக்குகிறோம். 10 அரையிறுதிகள் 15 பாயிண்ட், மூன்றில் இரண்டு, 30 நிமிடம். 5 இறுதிகள் 21 பாயிண்ட், மூன்றில் இரண்டு, 45 நிமிடம்.

கூட்டினால் 1,325 நிமிடம். 4 கோர்ட்டுக்குப் பிரித்தால் ஐந்தரை மணி நேரம். 8:30க்குத் தொடங்கி 2 மணிக்கெல்லாம் முடித்துவிடலாம் போலத் தெரியும். முடியாது. கோர்ட் காலியாக இருக்கும், ஆனால் ஆட வேண்டியவர் பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் அப்போதுதான் முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார். அதனால் 5:30 வரை நீட்டியிருக்கிறோம். கோர்ட் சும்மா கிடக்கிறதே என்று யாரையும் ஓய்வு முடியும் முன் இழுக்க வேண்டாம்.

ஒருவருக்கு இரண்டு பிரிவு மட்டுமே. ஆண்கள் சிங்கிள்ஸும் டபுள்ஸும் சேர்ந்து இறுதிவரை போனாலே 8 ஆட்டம் ஆகிவிடும். மூன்றாவது பிரிவு கேட்பவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

ஓய்வு குறைந்தது 30 நிமிடம், இறுதிக்கு முன் 45. ஸ்கோர் ஷீட்டில் அம்பயர் எழுதும் முடிந்த நேரத்திலிருந்து கணக்கு. மேசைக்கு வந்ததும் அந்த நேரத்தோடு 30 கூட்டி, ஆடிய இரண்டு பேர் அல்லது நான்கு பேர் பெயருக்கும் எதிரே பலகையில் எழுதுங்கள். ஓய்வு ஆளுக்குத்தான், பிரிவுக்கு இல்லை. டபுள்ஸில் நான்கு பேரில் ஒருவருக்கு நேரம் ஆகவில்லை என்றாலும் அந்த ஆட்டம் நிற்கும்.

கோர்ட் காலியானதும் வரிசைப் பட்டியலில் மேலிருந்து பாருங்கள். எல்லோரும் ஓய்வு முடித்த முதல் ஆட்டத்தை அழையுங்கள். தாண்டிப் போன ஆட்டம் பட்டியலில் தன் இடத்திலேயே இருக்கட்டும். கடைசிக்குத் தள்ளினால் அந்த நால்வர் மதியம்வரை உட்கார்ந்திருப்பார்கள். யாராவது 75 நிமிடம் சும்மா இருந்தால் பெயருக்குச் சிவப்புக் குறி. 90ஐத் தாண்டும் முன் அவர் ஆட்டம் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

வருகை நேரம் இரண்டு. முதல் சுற்று உள்ளவர்கள் 8:00. பெண்கள் சிங்கிள்ஸ், 45+, மிக்ஸ்டில் பை கிடைத்து நேரே காலிறுதிக்குப் போகும் ஜோடிகள், இவற்றில் மட்டும் ஆடுபவர்கள் 10:00. ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைன் பிடித்து 8 மணிக்கு வந்து 11 வரை கொட்டாவி விடவைப்பது நியாயமில்லை.

8:30 முதல் 10:10 வரை முதல் சுற்று, 20 ஆட்டம். இரண்டு பிரிவில் ஆடும் சிங்கிள்ஸ்காரர்களை முதல் நான்கு ஆட்டத்திலேயே போடுங்கள். அடுத்து ஒரே பிரிவுக்காரர்கள். அவர்கள் ஆடும் நேரம்தான் முன்னவர்களுக்கு ஓய்வு. இதை மாற்றிப் போட்டால் 9:30க்கு இரண்டு கோர்ட் காலியாகி, அழைக்க ஆளே இருக்காது. 10:10லிருந்து 10:30 வரை எதுவும் போடவில்லை. காலைத் தாமதம் அங்கே கரையும்.

காலிறுதி 10:30 முதல் 12:30 வரை, கடைசி 20 நிமிடம் கையிருப்பு. இங்கே சிக்கல் ஆண்கள் டபுள்ஸுக்கும் மிக்ஸ்டுக்கும் நடுவில்தான். இரண்டிலும் இருப்பவரின் டபுள்ஸை முன்னால் எடுத்து, மிக்ஸ்டைக் கடைசியில் வையுங்கள். எல்லோருக்கும் சேர்த்து உணவு இடைவேளை கிடையாது. 11:30 முதல் தயிர்சாதமும் வாழைப்பழமும் இருக்கும், அவரவர் ஓய்வில் சாப்பிடட்டும்.

4ஆம் கோர்ட் வாசல் பக்கம். கதவு திறந்தால் ஷட்டில் இழுக்கும், அதனால் அங்கே சிங்கிள்ஸ் வேண்டாம்.

பெயர் அழைத்து 5 நிமிடத்தில் மறு அழைப்பு, 10இல் வாக்ஓவர். வேறு கோர்ட்டில் ஆடுபவர், ஓய்வில் இருப்பவர் மீது இந்தக் கடிகாரம் ஓடாது. வார்ம்அப் 2 நிமிடம். ஒரே கேமில் 15இல் 60 விநாடி இடைவேளை, பக்கம் மாற்றம். இறுதியில் 11இல் 60 விநாடி, கேம்களுக்கு நடுவே 120. அம்பயர்கள் இதில் தாராளம் காட்டினால் கோர்ட்டுக்கு மணிக்கு ஐந்தாறு நிமிடம் போய்விடும்.

அரையிறுதி 1:00, 1:30, 2:00. இரண்டு அரையிறுதி உள்ளவருக்கு 1:00, 2:00.

இறுதி 3:15, 4:00, 4:45. 1, 2ஆம் கோர்ட்டில் மட்டும், மற்ற இரண்டும் வார்ம்அப்புக்கு. இறுதி வரிசையை 2:30க்குத்தான் அறிவிப்போம், அதற்கு முன் அச்சடித்து ஒட்ட வேண்டாம். இரண்டு இறுதிக்கு வந்தவருக்கு முதல் நேரமும் கடைசி நேரமும்.

12:30க்கு 40 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் அரையிறுதிகள் அனைத்தும் 30 பாயிண்ட் ஒரே கேம். முதல் அரையிறுதி தொடங்கும் முன் மைக்கில் சொல்லிவிடுங்கள். பாதியில் மாற்றினால் சண்டைதான். ஓய்வு நேரத்தில் கைவைக்க வேண்டாம்.