பாடல் பயன்பாட்டு உரிமம்

மதுரை, 12 ஜூன் 2025

“ஆத்துமணல்” பாடலை எழுதி, மெட்டமைத்து, சொந்தச் செலவில் பாடிப் பதிவு செய்த க. செல்வி ஆகிய நான், “கடைசி நடை” என்ற 18 நிமிடக் குறும்படத்தைத் தயாரித்து இயக்கும் மு. அருணுக்கு, பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 30-இன்படி இந்த உரிமத்தைத் தருகிறேன். ரூ. 7,500 பெற்றுக்கொண்டேன்.

பாடலில் 1 நிமிடம் 40 வினாடி வரை, பேருந்துக் காட்சியின் பின்னணியில் மட்டும் ஒலிக்கலாம். திரைப்பட விழாக்கள், கல்லூரித் திரையிடல்கள், இயக்குநரின் யூடியூப் சேனல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். திரையரங்கு, தொலைக்காட்சி, கட்டண ஓடிடி, விளம்பரம், ரீல்ஸ் எதற்கும் பொருந்தாது. அவற்றுக்குத் தனியாக எழுதி வாங்க வேண்டும். பாடலைத் தனியாகப் பிரித்து வெளியிடக் கூடாது.

உலகம் முழுவதும் பயன்படுத்தலாம். எல்லையைக் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி இந்தியாவோடு நின்றுவிடும். படம் வெளிநாட்டு விழாக்களுக்கும் போக வேண்டும் என்பதால் இதைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

காலம்: 1 ஜூலை 2025 முதல் 30 ஜூன் 2030 வரை. அப்புறம் புதுப்பிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் யூடியூப் பிரதியிலிருந்து பாடலை நீக்க வேண்டும்.

இது தனியுரிமம் அல்ல. பிறருக்கு மாற்றித் தர முடியாது. பாடலின் உரிமையும் ராயல்டியும் என்னிடமே இருக்கும்.

இரண்டாம் சரணம் என் அம்மா சொன்ன வரிகளிலிருந்து பிறந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவோ, வேறு குரலில் பாடவைக்கவோ கூடாது. மீறினால் உரிமம் உடனே ரத்தாகும். இறுதிப் பெயர்ப்பட்டியலில் “பாடல், இசை, குரல்: க. செல்வி” என்று வர வேண்டும்.

வழக்கு வந்தால் மதுரை நீதிமன்றத்தில்.

(ஒப்பம்) க. செல்வி, உரிமையாளர்
(ஒப்பம்) மு. அருண், உரிமம் பெறுபவர்